"ஒருபோதும் பூஜ்யம் ஆகாது" என்று சொல்பவர்களுக்கு

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் ஆறப்போட்டேன். கோபம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் தங்கையின் மகளுக்குத் தைராய்டில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை செய்து, அதன்பின் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள் என்பது உறவுகள் எல்லோருக்கும் தெரியும். அது நடந்து 20 மாதம் ஆகிறது. இப்போது நன்றாக இருக்கிறாள். போன வாரம் நம் வீட்டுப் பெயர்சூட்டு விழாவில் குழந்தையைத் தூக்கக் கை நீட்டியவளை ஒருவர் தடுத்துவிட்டார். படித்தவர், பொறியியல் பட்டம் வாங்கியவர். அவர் சொன்ன காரணம் இது: "கதிரியக்கம் பாதி பாதியாகத்தான் குறையும். பூஜ்யமே ஆகாது. ஃபார்முலாவே அப்படித்தான். மாமாவே பள்ளியில் நடத்தியிருக்கிறார்." அவள் எதுவும் பேசாமல் தள்ளி நின்றுவிட்டாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

அறியாமையால் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். இது அறியாமை இல்லை. பாதிப் பாடத்தை அறிவாக நினைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் மேல் எறிந்தது. அந்தப் பாதிப் பாடம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு மதிப்பெண் வினா அது: "ஒரு கதிரியக்கப் பொருள் முற்றிலும் சிதைய ஆகும் காலம் எவ்வளவு?" நான்கு விடைகள் இருக்கும். சரியான விடை "முடிவிலி" என்று கையேட்டின் பின்பக்கத்தில் போட்டிருக்கும். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு "பாதியைப் பாதியாக்கினால் எப்போது பூஜ்யம் வரும்? வராது இல்லையா, அதனால்தான்" என்று பதில் வரும். பிள்ளையும் தலையாட்டிவிடும்.

நான் கேட்கிறேன். மூன்று அணுக்கள் மிச்சம் இருக்கின்றன. ஒரு அரை ஆயுட்காலம் கழித்து எத்தனை இருக்கும்? ஒன்றரையா? ஒன்றரை அணு என்று ஒன்று உலகத்தில் உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் "முடிவிலி" என்று சொன்னவர் கொஞ்சம் திணறுவார். திணற வேண்டும். ஏனென்றால் நம் சூத்திரம் N = N₀ × (1/2)ⁿ, அணுக்களைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு சூத்திரம். அது ஒரு வழவழப்பான கோடு. தொடக்க எண்ணைப் பாதியாலே எத்தனை முறை பெருக்கினாலும் பூஜ்யம் வராது என்பது உண்மைதான். இருப்பது குறையக் குறைய, குறைகிற வேகமும் அதே விகிதத்தில் குறைகிறது. அதனால் கோடு தரையை நெருங்கும், தொடாது. அது கணக்கின் குணம். ஆனால் குப்பியில் இருப்பது கோடு அல்ல, எண்ணக்கூடிய அணுக்கள். எண்ணக்கூடிய எதுவும் 5, 4, 3, 2, 1 என்று வந்து தீர்ந்துதான் போகும்.

அப்படியானால் சூத்திரம் பொய்யா? பொய் இல்லை. அது எதைச் சொல்கிறது என்பதை நாம் தவறாகப் படிக்கிறோம்.

என்னிடம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் காசு சுண்டிய வகுப்பு நினைவுக்கு வரும். 64 ஒரு ரூபாய்க் காசுகளை ஒரு டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கி மேஜையில் கொட்டுவோம். பூ விழுந்தவை சிதைந்துவிட்டன, எடுத்து ஓரமாக வை. தலை விழுந்தவற்றை மறுபடி டப்பாவில் போடு. ஒரு குலுக்கல் என்பது ஒரு அரை ஆயுட்காலம். சூத்திரப்படி 32, 16, 8, 4, 2, 1 என்று வர வேண்டும். அதற்குப் பிறகு அரை, கால், அரைக்கால் என்று காலமெல்லாம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வகுப்பில் எப்படி வந்தது? ஒரு குழுவுக்கு 35, 15, 8, 3, 3, 1, 0 என்று வந்தது. இன்னொரு குழுவின் கடைசிக் காசு நாலு குலுக்கலுக்குப் பிடிவாதமாகத் தலையே விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் அந்த மேஜையைச் சுற்றி நின்று கூச்சல் போட்டார்கள். ஆனால் எல்லாக் குழுவுக்கும் ஆட்டம் முடிந்தது. மணி அடிக்கும்வரை கூட யாரும் ஆடவில்லை, முடிவிலி வரை எங்கே ஆடுவது!

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பெரிய எண்ணாக இருக்கும்போது சூத்திரம் நன்றாகப் பொருந்துகிறது. சின்ன எண்ணுக்கு வந்ததும் தள்ளாடுகிறது. 3 இருந்தது, அடுத்தும் 3தான் இருந்தது. "பாதியாகும்" என்ற விதி அங்கே உடைந்ததா? இல்லை. ஒவ்வொரு காசுக்கும் பாதி வாய்ப்பு என்பதுதான் விதி. பாதிக் காசுகள் போகும் என்பது, காசுகள் நிறைய இருந்தால் அந்த விதியிலிருந்து வருகிற விளைவு.

இரண்டாவது, காசுக்கு ஞாபகம் கிடையாது. நாலு முறை தலை விழுந்த காசு ஐந்தாவது முறை பூ விழுந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அணுவும் அப்படியே. அணுவுக்கு வயது ஆவதில்லை. உருவாகி ஒரு நொடி ஆன அயோடின் அணுவுக்கும், ஒரு வருடம் தாக்குப்பிடித்த அயோடின் அணுவுக்கும் அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு ஒன்றேதான். கடைசி அணுவுக்குத் தான்தான் கடைசி என்று தெரியாது.

"இது காசு, சார். உண்மையான அணு இப்படியா நடந்துகொள்கிறது?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்வேன். 1910-இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் கைகரும் செய்தது. பொலோனியம் பூசிய தகட்டிலிருந்து வரும் ஆல்பா துகள்கள் துத்தநாக சல்பைடு திரையில் படும்போது சின்னச் சின்ன மின்னலாகத் தெறிக்கும். இருட்டறையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து எண்ணினார்கள். நேரத்தை 7.5 நொடித் துண்டுகளாக வெட்டினார்கள். மொத்தம் 2,608 துண்டுகள், 10,097 மின்னல்கள். ஒரு துண்டுக்குச் சராசரி 3.87. ஆனால் எந்தத் துண்டிலும் 3.87 மின்னல் வரவில்லை, வரவும் முடியாது. 3 வந்தது, 4 வந்தது, 7 வந்தது. 57 துண்டுகளில் ஒன்றுகூட வரவில்லை. சுத்தமான பூஜ்யம். சராசரி பூஜ்யமாக இல்லாதபோதே இயற்கை பூஜ்யத்தைத் தாராளமாகக் கொடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்தப் பின்ன எண், பல துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் நம் கணக்கில் மட்டும் இருக்கிறது.

இப்போது அந்தப் பெண்ணின் உடம்புக்கு வருவோம். வெறும் வாயால் சமாதானம் சொல்வது எனக்குப் பிடிக்காது. கணக்காகவே போடுவோம்.

இந்தச் சிகிச்சையில் கொடுக்கும் ஒரு வழக்கமான அளவு 100 மில்லிகியூரி. அதாவது நொடிக்கு 370 கோடி அணுக்கள் சிதையும் அளவு. கேட்கப் பயமாக இருக்கிறது அல்லவா? கொடுப்பது அயோடின்-131. அதன் அரை ஆயுட்காலம் 8.02 நாள். இதை நொடியாக்கி, 0.693-ஐ அதால் வகுத்தால் சிதைவு மாறிலி கிடைக்கும். போட்டுப் பாருங்கள், அழகான எண் வரும்: நொடிக்குப் பத்து லட்சத்தில் ஒன்று. ஒவ்வொரு அணுவும் ஒவ்வொரு நொடியும் பத்து லட்சம் சீட்டு உள்ள ஒரு குலுக்கலில் ஒரு சீட்டு எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 370 கோடி பேருக்குப் பரிசு விழுகிறது என்றால், மொத்தம் எத்தனை பேர் ஆடுகிறார்கள்? 370 கோடியைப் பத்து லட்சத்தால் பெருக்குங்கள். 37 கோடி கோடி அணுக்கள். எடை பார்த்தால் ஒரு மைக்ரோகிராம்கூட இல்லை, அதில் ஐந்தில் நாலு பங்கு.

இந்த 37 கோடி கோடியில் ஒன்றுகூட உடம்பை விட்டு வெளியேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். இது அபத்தமான அனுமானம். உண்மையில் தைராய்டை எடுத்துவிட்ட ஒருவருக்குக் கொடுத்த அயோடினில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரோடு போய்விடும். அதனால்தான் தனி அறையில் வைக்கிறார்கள். அந்தக் கழிப்பறை நீரை நேரே சாக்கடையில் விடாமல் தொட்டியில் தேக்கி வைத்து, சிதைந்த பிறகு விடுகிறார்கள். ஆனால் எதிராளிக்கு முழுச் சலுகை கொடுத்தே வாதாடுவோம். எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

10 அரை ஆயுட்காலம், அதாவது 80 நாள். 1024-ஆல் வகுக்க வேண்டும். 3.6 லட்சம் கோடி அணுக்கள் மிச்சம். இன்னும் நிறைய. 20 அரை ஆயுட்காலம், 160 நாள். சுமார் 353 கோடி அணுக்கள், நொடிக்கு 3,500 சிதைவு. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 70 கிலோ எடையுள்ள யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த விழாவில் தடுத்த மனிதரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் இயற்கையாகவே கலந்திருக்கும் பொட்டாசியம்-40 நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேல் சிதைந்துகொண்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து அப்படித்தான், சாகும்வரை அப்படித்தான். பச்சைக் குழந்தையின் உடம்பிலும் நொடிக்கு நூறுக்கு மேல் உண்டு. இரண்டு தனிமங்களும் உடம்பில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, ஆகவே எண்ணிக்கை ஒன்றானால் பாதிப்பும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. "பூஜ்யம் இல்லை" என்பதே ஒருவரைத் தள்ளி நிறுத்தப் போதுமான காரணம் என்றால், முதலில் தள்ளி நிற்க வேண்டியவர் யார் என்று மட்டும் கேட்கிறேன்.

மேலே போவோம். 30 அரை ஆயுட்காலம், 8 மாதம். சுமார் 34 லட்சம் அணுக்கள், நொடிக்கு மூன்று நான்கு சிதைவு. 40, அதாவது 321 நாள். 3,365 அணுக்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிதைவு. ஆஸ்பத்திரியில் கையில் பிடித்துப் பார்க்கும் கருவி இதைக் காட்டாது. மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் எப்போதும் வந்துகொண்டிருக்கும் எண்ணிக்கைக்குள் அது மூழ்கிவிடும். ஆனாலும் பூஜ்யம் இல்லை, 3,365 உண்மையான அணுக்கள் இருக்கின்றன. கருவி காட்டவில்லை என்பதையும் அணு இல்லை என்பதையும் நான் குழப்ப மாட்டேன்.

50 அரை ஆயுட்காலம், 401 நாள். கணக்கில் 3.3 அணுக்கள். இங்கேதான் நம் வழவழப்பான கோடு செல்லாக்காசாகிறது. இப்போது ஒருவர் உடம்பில் 3 இருக்கலாம், 5 இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஒன்றும் இல்லாமலிருக்க 100-க்குச் சுமார் 4 வாய்ப்பு. 52-க்கு வந்தால் கணக்கில் 0.8. தீர்ந்துபோயிருக்கும் வாய்ப்பு 100-க்கு 44. 60 அரை ஆயுட்காலம், 481 நாள். சூத்திரம் 0.0032 அணு என்கிறது.

0.0032 அணு என்றால் என்ன? கோபமெல்லாம் இருக்கட்டும், இதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். அணுவின் ஒரு துணுக்கு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள் இல்லை. இதே அளவு மருந்து வாங்கிய ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்தினால், அவர்களில் ஏறக்குறைய மூன்று பேரிடம் ஒரே ஒரு அணு மிச்சம் இருக்கும், மற்ற 997 பேரிடமும் துல்லியமான, முழுமையான, சந்தேகமில்லாத பூஜ்யம் என்று பொருள். ஒருபோதும் பூஜ்யம் ஆகாதது எது என்று கேட்டால், அந்த வாய்ப்பு. அது 0.0032, 0.0016, 0.0008 என்று போய்க்கொண்டே இருக்கும். சூத்திரத்தின் வால் நீள்வது அங்கேதான்.

ஆகவே "முற்றிலும் சிதைய ஆகும் காலம்" என்ற கேள்விக்கு எல்லா மாதிரிக்கும் பொருந்தும் ஒற்றை விடை இல்லை. கடைசி அணு எப்போது போகும் என்பது சீட்டுக் குலுக்கல். ஆனால் அந்தக் குலுக்கலுக்கும் சராசரி போடலாம். தொடக்க எண்ணின் இயல் மடக்கையோடு 0.577-ஐக் கூட்டி, அதைச் சராசரி ஆயுளால் பெருக்க வேண்டும். அயோடின்-131-இன் சராசரி ஆயுள் பத்து லட்சம் நொடி, அதாவது 11.57 நாள். 37 கோடி கோடிக்கு விடை 421 நாள். பெரும்பாலும் அதற்கு முன்பின் ஒரு பதினைந்து நாளுக்குள் கதை முடிந்துவிடும். முடிவிலி எங்கே, 421 நாள் எங்கே!

அவளுக்கு ஆகியிருப்பது 600 நாள். ஒரு துளிகூட வெளியே போகாமல் எல்லாம் உள்ளேயே இருந்திருந்தாலும், ஒரே ஒரு அணு மிச்சமிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய தொண்ணூறு லட்சத்தில் ஒன்று. சிறுநீரில் போனதையும் சேர்த்தால் அந்தக் கணக்கைப் போடவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. சிதைந்த அயோடின் என்னவாகிறது என்று கேட்பீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அது செனான்-131 ஆகிறது. நிலையானது. நூற்றில் ஒரு பங்கு மட்டும் செனானாகி, இன்னொரு படி இறங்க 12 நாள் அரை ஆயுட்காலம் எடுத்துக்கொள்ளும். ஆனால் செனான் எதோடும் சேராத வாயு. மூச்சோடு வெளியே போய்விடும்.

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடாதீர்கள். சிகிச்சை முடிந்த முதல் நாட்களில் குழந்தையை அணைக்காதே, தனியாகப் படு என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்களே, அது கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியது. அப்போது இருப்பது கோடிக்கணக்கில் சிதைவு. எத்தனை நாள் என்பதை அவர்கள் அளந்து, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். அந்தத் தாளில் இருக்கும் தேதிதான் செல்லும். அந்தத் தேதிக்கு முன்னால் "எங்கள் சார் எழுதியிருக்கிறார்" என்று யாரும் என்னைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். அந்தத் தேதிக்குப் பின்னால் ஃபார்முலாவைக் காட்டிப் பயமுறுத்தவும் வேண்டாம்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "பத்து அரை ஆயுட்காலம் போனால் எல்லாம் காலி" என்று சொல்பவர்கள். பத்துக்குப் பிறகு ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும், அவ்வளவுதான். அது கொஞ்சமா அதிகமா என்பது எதில் ஆரம்பித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 1986-இல் செர்னோபில் விபத்தில் வெளியான சீசியம்-137 ஏறக்குறைய 85 பெட்டாபெக்கரல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பெட்டா என்றால் பத்து கோடி கோடி. சீசியத்தின் அரை ஆயுட்காலம் 30 வருடம். 300 வருடம் கழித்து ஆயிரத்தில் ஒரு பங்கு என்றாலும், அது அவளுக்குக் கொடுத்த முழு மருந்தைப் போல இருபதாயிரம் மடங்குக்கு மேல். இதைக் காலி என்று சொல்ல முடியுமா? ஒரு குப்பிக்கும் ஒரு நிலப்பரப்புக்கும் ஒரே பத்து பொருந்தாது. எத்தனை அரை ஆயுட்காலம் போயிற்று என்பதோடு எத்தனை அணுவில் ஆரம்பித்தது என்பதையும் கேட்காமல் "தீர்ந்தது" என்றோ "தீராது" என்றோ சொல்வது வாய்க்கு வந்ததைச் சொல்வது.

என் மாணவர்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். பயிற்சி மையம் நடத்துபவர்களும் இருக்கிறீர்கள். "சார், தேர்வில் முடிவிலி என்று எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடுமே" என்று ஒருவர் நேற்றே தொலைபேசியில் கேட்டார். எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் வாங்கட்டும். ஆனால் அந்த விடை வரைபடத்தில் உள்ள கோட்டுக்கானது, குப்பியில் உள்ள பொருளுக்கானது அல்ல என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா? பாடம் முடிக்க நேரமில்லை என்று சொல்லாதீர்கள். 64 காசு, ஒரு டிபன் டப்பா, கால் மணி நேரம். "குப்பியில் இத்தனை அணு இருந்தது, ஒன்றுக்கும் கீழே எப்போது போகும்?" என்று கேள்வியையே மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அப்போது பிள்ளை 2-ஐ எத்தனை முறை பெருக்கினால் அந்த எண் வரும் என்று தேடும். மடக்கை எதற்கு என்று முதல்முறையாகப் புரியும். முடிவிலி என்று வட்டம் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிற பிள்ளைக்கு இது எதுவும் கிடைப்பதில்லை.

உறவுகளில் யாராவது இந்தப் பதிவில் தங்களைக் குறிப்பிட்டதாக நினைத்தால், ஆம், உங்களைத்தான். சண்டைக்கு வரலாம், வரும்போது கால்குலேட்டரோடு வாருங்கள்.

பழைய மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம், கமெண்டில் படிப்படியாக எழுதுங்கள். எலும்பு ஸ்கேனுக்கு டெக்னீசியம்-99m ஊசி போடுவார்கள். அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். அளவு 20 மில்லிகியூரி, நொடிக்கு 74 கோடி சிதைவு. மொத்தம் எத்தனை அணுக்கள்? கணக்கில் ஒன்றுக்கும் கீழே போக எத்தனை நாள்? இதோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இது சிதைந்து ஆவது செனான் மாதிரி நிலையானது அல்ல. டெக்னீசியம்-99, அதன் அரை ஆயுட்காலம் சுமார் 2,11,000 வருடம். அப்படியானால் ஸ்கேன் எடுத்தவர் வாழ்நாள் முழுக்கப் பயப்பட வேண்டுமா? முதலில் எத்தனை அணுக்கள் என்று கண்டுபிடித்தீர்களோ, அத்தனையும் டெக்னீசியம்-99 ஆகி உடம்பிலேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு, நொடிக்கு எத்தனை சிதையும் என்று போடுங்கள். விடையை மேலே சொன்ன பொட்டாசியத்தோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதுங்கள். கூகுளில் தேடி ஒட்டினால் கண்டுபிடித்துவிடுவேன்.